டம்ளரில் சுற்றிய அலை

என் பாலிடெக்னிக் ரெக்கார்டு நோட்டில் ஒரு பக்கம் மட்டும் சிவப்பு மையில் குறுக்கே கோடு போடப்பட்டிருக்கும். "ஆடியோ ஆசிலேட்டரின் டயலைச் சரிபார்த்தல்" என்பது அந்தச் சோதனை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி, மதியம் நேர லேப். அன்றைக்கு நான் எடுத்த அளவுகள் எல்லாமே சரி. அப்படியும் அவற்றிலிருந்து எழுதிய முடிவு தப்பு என்று புரிய எனக்கு இரண்டு வாரம் ஆனது.

சோதனை எளிமையானது. மின் அலையைப் படமாக வரைந்து காட்டும் சி.ஆர்.ஓ. கருவியின் திரையில் ஓடும் ஒளிப்புள்ளியைப் பக்கவாட்டில் ஒரு சைன் அலையும், மேலும் கீழும் இன்னொரு சைன் அலையும் ஒரே நேரத்தில் ஆட்டும். பக்கவாட்டுக்கு, அதாவது X-க்கு, வீட்டுக் கரண்ட். நேராக 230 வோல்ட்டை எடுத்துவிடக் கூடாது. ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வைத்து 6 வோல்ட்டாக இறக்கிக் கொடுக்க வேண்டும். மேல்-கீழுக்கு, அதாவது Y-க்கு, சரிபார்க்க வேண்டிய ஆசிலேட்டர், டயலில் வைத்த அதிர்வெண்ணில் மின் அலை தரும் பெட்டி. டயலை மெல்லத் திருப்பிக்கொண்டே போனால் திரை முழுக்க பச்சைக் குழப்பமாக இருந்தது சட்டென்று ஒரு வளைவாக நின்றுவிடும். அந்த வளைவைப் பார்த்து Y-ன் அதிர்வெண் X-ன் அதிர்வெண்ணைப் போல் எத்தனை மடங்கு என்று சொல்ல வேண்டும். கரண்ட் 50 ஹெர்ட்ஸ். வளைவு மூன்று மடங்கு என்று காட்டினால் ஆசிலேட்டர் 150. டயலும் 150 காட்டுகிறதா என்று பார்த்து எழுத வேண்டும்.

இந்த வளைவுகளுக்கு லிசாஜு வளைவுகள் என்று பெயர். பிரான்சைச் சேர்ந்த ஜூல் அந்துவான் லிசாஜு 1857-ல் இசைக்கவைகளின் நுனியில் சின்னக் கண்ணாடிகளை ஒட்டி, ஒரு கவையில் பட்டுத் திரும்பிய ஒளிக்கற்றையை அதற்குச் செங்குத்தாக ஆடும் இன்னொரு கவையில் விழவைத்துத் திரையில் பார்த்தார். அவருக்கு வேண்டியிருந்ததும் நாங்கள் செய்ததும் ஒன்றுதான்: தெரிந்த ஒன்றை வைத்துத் தெரியாத ஒன்றை அளப்பது. 1859-ல் பிரான்சில் இசைக்கருவிகளுக்கு 435 என்ற சுருதியை நிர்ணயித்த குழுவிலும் அவர் இருந்தார். அவருக்கு முன்பே 1815-ல் அமெரிக்காவில் நத்தானியல் பௌடிச் இதே வளைவுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். பெயர் என்னவோ பிரெஞ்சுக்காரருக்குப் போய்விட்டது.

எண்ணுவது எப்படி? வளைவைச் சுற்றி ஒரு செவ்வகச் சட்டம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மேல் விளிம்பை வளைவு எத்தனை இடத்தில் தொடுகிறது, வலது விளிம்பை எத்தனை இடத்தில் தொடுகிறது என்று எண்ண வேண்டும். மேல் எண்ணிக்கை Y-க்கு, பக்க எண்ணிக்கை X-க்கு. எது எதற்கு என்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுவார்கள். மனப்பாடம் செய்தால் பரீட்சையில் மாறிப்போகும். யோசித்தால் மாறாது. புள்ளி மேல் விளிம்பைத் தொட வேண்டுமென்றால் Y தன் உச்சத்துக்குப் போயாக வேண்டும், X அப்போது எங்கே இருந்தாலும் கவலையில்லை. வளைவு ஒருமுறை முழுதாக வரையப்படும் நேரத்தில் Y மூன்று தடவை உச்சத்துக்குப் போனால் மேலே மூன்று தொடுகை. அதே நேரத்தில் X இரண்டு தடவை தன் வலது கோடிக்குப் போனால் வலப்பக்கம் இரண்டு தொடுகை. அப்படியானால் Y-க்கும் X-க்கும் விகிதம் 3:2.

வீட்டில் சி.ஆர்.ஓ. இல்லாதவர்கள் gnuplot என்ற வரைபட மென்பொருளில் போட்டுப் பார்க்கலாம்:

```
set parametric
set size square
set samples 1000
set trange [0:2*pi]
plot cos(2*t), cos(3*t+0.6)
```

`0.6` இருக்கும் இடத்தில் `0` போட்டுப் பாருங்கள். நன்றாக விரிந்திருந்த வளைவு மடங்கி, வலப்பக்கம் இரண்டு நுனிகள் கொண்ட வெறும் கோடாகிவிடும். விகிதம் அதே 3:2. ஆனால் இப்போது மேலே எத்தனை தொடுகை என்று கேட்டால் நீங்களும் தடுமாறுவீர்கள்.

அந்தத் தடுமாற்றத்தில்தான் என் பார்ட்னர் விழுந்தான். டயல் 145-ஐ ஒட்டி இருந்தபோது திரையில் ஒரு நெளிந்த கோடு நின்றது. N எழுத்தை வலப்பக்கம் இழுத்துச் சாய்த்த மாதிரி. இடப்பக்கம் கீழே ஒரு நுனி, அங்கிருந்து ஏறி ஒரு மேடு, இறங்கி ஒரு பள்ளம், மறுபடி ஏறி வலப்பக்கம் மேல் மூலையில் இன்னொரு நுனி. அவன் மேல் விளிம்பில் இரண்டு இடம் தொடுவதைப் பார்த்தான், வலப்பக்கம் ஒன்று. "ரெண்டுக்கு ஒண்ணுடா, 100 ஹெர்ட்ஸ்" என்று எழுதிவிட்டான். டயல் 145 காட்டும்போது 100 எப்படி வரும் என்று நாங்கள் இரண்டு பேரும் ஆசிலேட்டரைத்தான் திட்டினோம்.

லேப் அசிஸ்டென்ட் அண்ணன் ஒருவர் இருந்தார். நிறையப் பேச மாட்டார். ஆய்வு மேசையிலிருந்த கண்ணாடி டம்ளரை எடுத்து, அதைச் சுற்றி ஒரு செம்புக் கம்பியை அலை மாதிரி வளைத்து வைத்தார். டம்ளரை ஒருமுறை சுற்றி வருவதற்குள் கம்பியில் மூன்று மேடு, மூன்று பள்ளம். "கண் மட்டத்துல வெச்சுப் பாரு" என்று என் முகத்துக்கு நேராகப் பிடித்துத் திருப்பினார்.

பார்த்ததும் புரிந்துவிட்டது. திரையில் ஓடிக்கொண்டிருந்த அதே வளைவு. முன்பக்கத்துக் கம்பியும் கண்ணாடி வழியாகப் பின்பக்கத்துக் கம்பியும் சேர்ந்து தெரிகின்றன. இது வெறும் உவமை இல்லை, கணக்கும் அதுதான். வட்டமாகச் சுற்றும் ஒன்றைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அது இட-வலமாக சைன் ஆட்டம் ஆடுவதாகத் தெரியும். அது X. சுற்றும்போதே ஏறி இறங்குவது Y. டம்ளரைக் கொஞ்சம் திருப்பினால் ஒரு மேடு சரியாக வலது ஓரத்துக்கு வருகிறது. மற்ற இரண்டு மேடுகளில் ஒன்று முன்னால், ஒன்று பின்னால், ஒன்றன்மேல் ஒன்றாக மறைகின்றன. கண்ணுக்கு இரண்டு மேடு, இருப்பதோ மூன்று. கோடு மடங்கித் தன்மேல் தானே திரும்பி வரும் நிலை இது. அப்போது நடுவில் தெரியும் ஒவ்வொரு தொடுகையையும் இரண்டாக எண்ண வேண்டும், நுனியை ஒன்றாக எண்ண வேண்டும். எங்கள் கோட்டில் மேலே நடு மேட்டுக்கு இரண்டு, நுனிக்கு ஒன்று, ஆக மூன்று. வலப்பக்கம் அந்த நுனி மட்டும், ஒன்று. 3:1.

நுனி தெரிந்தால் எண்ணாதே, கொஞ்சம் பொறு, வளைவு விரியட்டும், அப்புறம் எண்ணு என்பதுதான் அண்ணன் சொன்ன சுருக்கு வழி. வளைவு தானாக விரியும், ஏனென்றால் அது ஒரு இடத்தில் நிற்பதே இல்லை. ஒரு அதிர்வெண் மற்றதைப் போல் துல்லியமாக மூன்று மடங்காக இருந்தால்தான் டம்ளர் அசையாமல் நிற்கும். மிகச் சிறிய வித்தியாசம் இருந்தாலும் மெல்லச் சுழலும். அந்தச் சுழற்சிதான் இந்த முறையின் உண்மையான பலம் என்பது என் அபிப்பிராயம். விகிதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு சுழற்சியைத் தொந்தரவாக நினைப்பவர்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போகிறவர்கள்.

டம்ளர் ஒரு மேடு அளவுக்குத் திரும்பினால், ஒரு மேடு இருந்த இடத்தில் அடுத்த மேடு வந்து நிற்கும். படம் பழையபடி ஆகிவிடும். Y அவ்வளவில் ஒரு முழு அலை முந்தியிருக்கும், அல்லது பிந்தியிருக்கும். ஆகவே படம் மறுபடி அதே நிலைக்கு வர 5 நொடி ஆனால், Y தன் சரியான மூன்று மடங்கிலிருந்து 1/5, அதாவது 0.2 ஹெர்ட்ஸ் விலகியிருக்கிறது. 150-ல் 0.2 என்பது டயலில் கோடு தடிமனுக்குக்கூட வராது. வெறும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு அளந்துவிடலாம். வலப்பக்க எண்ணிக்கை ஒன்றாக இல்லாமல் இரண்டாக இருந்தால், 3:2 போல, கிடைக்கும் விலகலை இரண்டால் வகுக்க வேண்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: 3:1-ல் மேல் நுனி வலப்பக்கம் இருக்கும் கோடும், அதன் கண்ணாடி பிம்பமாக மேல் நுனி இடப்பக்கம் இருக்கும் கோடும் மாறி மாறி வரும். வலமிருந்து மறுபடி வலம் வரும்வரைதான் ஒரு முழுச் சுற்று. முதல் நுனிக்கோட்டிலிருந்து அடுத்த நுனிக்கோடு வரை எண்ணினால் நேரம் பாதியாகி, விலகல் இரட்டிப்பாகும்.

இன்னொரு குறையும் உண்டு. கண்ணாடி டம்ளரில் எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று தெரியாது. அதனால் அது இடமாகச் சுழல்கிறதா வலமாகச் சுழல்கிறதா என்று அடித்துச் சொல்ல முடியாது. ஒருமுறை வலமாகச் சுழல்வதாகத் தோன்றும், கண்ணைச் சிமிட்டிவிட்டுப் பார்த்தால் இடமாக. எனவே Y கூடுதலா குறைவா என்பதைச் சுழற்சி சொல்லாது. ஏதாவது ஒன்றைத் தெரிந்தே மாற்றிப் பார்க்க வேண்டும்.

சரி, சிவப்புக் கோட்டுக்கு வருவோம். எண்ணும் முறை பிடிபட்ட பிறகு ஒவ்வொன்றாக எடுத்தோம். 1:1 வட்டம் வந்தபோது டயல் 48-ஐயும் கொஞ்சத்தையும் காட்டியது. 2:1-ல் 97. 3:1-ல் 145-ஐத் தாண்டி அரைக் கோடு. 4:1-ல் 194. வர வேண்டியவை 50, 100, 150, 200. "சார், எல்லாம் மூணு பர்சன்ட் கம்மியா வருது" என்று போய் நின்றேன். "டயல் தப்பு, பிழை மூணு பர்சன்ட்னு எழுது" என்றார். எழுதினேன். வளைவுகளைப் பென்சிலில் வரைந்து, அட்டவணை போட்டு, திருத்தப் பட்டியலும் சேர்த்து, கையெழுத்தும் வாங்கிவிட்டேன்.

உறுத்தியது ஒன்றுதான். படங்கள் சுழன்ற விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆசிலேட்டர் சூடாகி மெல்ல நகர்ந்தால் சுழற்சி ஒரே சீராகக் கூடவோ குறையவோ வேண்டும். இதுவோ ஓடும், தயங்கும், நிற்கும், திரும்ப ஓடும். நாலரை மணிக்கு மேல் ஊரில் விளக்கு போடத் தொடங்கியதும் டயலை இன்னும் கீழே இறக்கினால்தான் படம் நின்றது. ஆசிலேட்டருக்கு மாலை நேரம் எப்படித் தெரியும்?

அடுத்த வாரம் அண்ணனிடம் கேட்டு இயற்பியல் லேபிலிருந்து இசைக்கவைப் பெட்டியை வாங்கி வந்தேன். எட்டுக் கவை, 256-லிருந்து 512 வரை முத்திரை குத்தியது. அதில் 288-ஐ எடுத்ததற்குக் காரணம் அதன் பாதி 144, எங்களைக் குழப்பிய 145-க்குப் பக்கத்து வீடு. அதேபோல் 384-ன் பாதி 192, அது 194-க்குப் பக்கம். டயலின் அதே இடத்தை வேறு ஒரு சாட்சியை வைத்து விசாரிக்கலாம். கவையை ரப்பர் கட்டையில் தட்டி மைக் முன்னால் பிடித்தோம். மைக், ஆம்ப்ளிஃபயர் வழியாக Y-க்கு. X-லிருந்து கரண்டைக் கழற்றிவிட்டு ஆசிலேட்டரை அங்கே கொடுத்தோம். டயலை 144-ல் வைத்ததும் திரையில் படுத்த எட்டு, ∞. மேலே இரண்டு தொடுகை, பக்கத்தில் ஒன்று. கவையின் சத்தம் அடங்க அடங்க அந்த எட்டு உயரம் குறைந்து சப்பையாகிக்கொண்டே போகும். ஆனால் தொடுகைகளின் எண்ணிக்கை மாறாது. வீச்சுக்கும் விகிதத்துக்கும் சம்பந்தமில்லை.

அது நாலு நொடிக்கு ஒருமுறை சுற்றி வந்தது. கவையின் பக்கத்தில் 0.25 ஹெர்ட்ஸ் விலகல், அதாவது ஆசிலேட்டரில் அதில் பாதி, 0.125. கூடுதலா குறைவா என்று பார்க்க, கவையின் நுனியில் துளி மெழுகு ஒட்டினோம். எடை ஏறினால் கவை மெதுவாகும். சுழற்சியும் மெதுவானது. அப்படியானால் மெழுகு ஒட்டுமுன் கவைதான் சற்று முந்தியிருந்தது, ஆசிலேட்டர் 143.9-ஐ ஒட்டி இருந்தது. வெயிலில் எஃகுக் கவை டிகிரிக்குப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவில் இறங்கும்தான். பத்து டிகிரி என்றாலும் 0.3 ஹெர்ட்ஸைத் தாண்டாது. எங்களுக்குத் துண்டு விழுந்திருந்ததோ நாலரை ஹெர்ட்ஸ். 384-ஐ வைத்துப் பார்த்ததிலும் டயல் சுத்தம்.

டயல் சரியென்றால் மிச்சம் ஒன்றுதான். 145.5-ஐ மூன்றால் வகுத்தால் 48.5. தப்பு கரண்டில்.

எலக்ட்ரிக்கல் லேபில், சுவிட்ச் போர்டில், யாரும் கவனிக்காத ஒரு மீட்டர் இருந்தது. முள் கிடையாது. வரிசையாகச் சின்ன எஃகுப் பட்டைகள், அரை ஹெர்ட்ஸுக்கு ஒன்று. எந்தப் பட்டையின் அதிர்வெண் கரண்டோடு ஒத்துப்போகிறதோ அது மட்டும் படபடவென்று ஆடி வெள்ளைப் பட்டையாகத் தெரியும். போய்ப் பார்த்தோம். 50 என்று எழுதிய பட்டை அசையாமல் நின்றது. ஆடியது 48.5.

இன்றைக்குப் படிப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கலாம். அந்தக் காலத்துத் தென்னிந்திய மின் கிரிட் அப்படித்தான் இருந்தது. தேவை உற்பத்தியை மிஞ்சும்போது ஜெனரேட்டர்கள் இழுக்க முடியாமல் மெதுவாகும். நிமிடத்துக்கு 3000 சுற்று ஓட வேண்டிய டர்பைன் 2910 சுற்றில் ஓடினால் ஊர் முழுக்க 48.5 ஹெர்ட்ஸ். மாலையில் விளக்கு போட்டதும் படம் தயங்கியதன் காரணமும் அதுதான். நான் ஆசிலேட்டரை அளப்பதாக நினைத்துக்கொண்டு மின்வாரியத்தை அளந்திருக்கிறேன்.

வளைவு ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை. அது சொன்னது 3:1, அவ்வளவுதான். 50 என்ற எண்ணை அதன் வாயில் திணித்தது நாங்கள். நாலு அளவிலும் பிழை ஒரே மூன்று சதவீதமாக வந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். டயல் கெட்டிருந்தால் ஒரு கோடியில் இரண்டு, மறு கோடியில் ஐந்து என்று ஏறுக்குமாறாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். எல்லா இடத்திலும் ஒரே சதவீதம் என்றால் முதலில் அளவுகோலைப் பார்க்க வேண்டும். மறுபடி போய்ச் சாரிடம் சொன்னேன். நோட்டை வாங்கி, தான் கையெழுத்திட்ட பக்கத்திலேயே குறுக்கே கோடு போட்டு, "திரும்ப எழுது" என்றார். மதிப்பெண் மட்டும் திரும்ப வரவில்லை.

இந்த முறைக்கு எல்லை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்து மடங்குக்கு மேல் மேடுகள் நெருங்கி எண்ண முடியாமல் போகும். 8:7, 11:10 போன்றவை எட்டு மேடு, ஏழு பக்கம் என்று வலை பின்னிக்கொள்ளும். ஒளிக்கோட்டின் தடிமனே இடைவெளியை அடைத்துவிடும். இப்போதைய டிஜிட்டல் சி.ஆர்.ஓ.க்களில் வேறொரு கூத்து. XY நிலையில் போடும்போது மாதிரி எடுக்கும் வேகம் குறைவாக இருந்தால், இல்லாத ஒரு விகிதத்தை அழகாக வரைந்து காட்டும். டைம்பேஸ் குமிழைத் திருப்பிப் பார்க்க வேண்டும். உண்மையான வளைவு அப்படியே இருக்கும், போலி உருமாறும்.

2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகத் தெற்கு கிரிட் நாட்டின் மற்ற பகுதியோடு இணைந்தது. இப்போது அதிர்வெண் 49.90-க்கும் 50.05-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது விதி. என் வீட்டு மேசையில் இன்று ஒரு பழைய சி.ஆர்.ஓ. இருக்கிறது, படிகத்தை நம்பி ஓடும் ஒரு சிக்னல் ஜெனரேட்டரும் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஜெனரேட்டரைச் சரியாக 150.00-ல் வைத்து Y-க்குக் கொடுத்தேன், X-க்கு அதே மாதிரி 6 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர். மூன்று மேடு, ஒரு பக்கம். மேல் நுனி வலப்பக்கம் வந்ததும் ஸ்டாப்வாட்சை அமுக்கினேன். மறுபடி வலப்பக்கம் வர 11 நொடி. 0.09 ஹெர்ட்ஸ். ஜெனரேட்டரை 149.95-க்கு இறக்கிப் பார்த்தேன், சுழற்சி மெதுவானது. ஆகவே கரண்டின் மூன்று மடங்கு 149.91, கரண்ட் 49.97. கிரிட்டை நிர்வகிக்கும் கிரிட் இந்தியா நிறுவனத்தின் தளத்தைத் திறந்து அந்த நேரத்து அதிர்வெண்ணைப் பார்ப்பதற்குள் டம்ளர் தயங்கி நின்று, மறுபடி சுழல ஆரம்பித்துவிட்டது.